புடவைக் கொசுவத்திலும் டே கர்ட்டனிலும் பிரிண்ட் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரே புடவை எட்டு டிசைன்ல வந்திருக்கு. ஒண்ணைக் கட்டிப் படம் எடுத்துட்டு, மத்த ஏழையும் ஃபோட்டோஷாப்ல ஒட்டினேன். எல்லாமே ஸ்டிக்கர் மாதிரி இருக்கு. ஏன் அண்ணே?"

உங்கள் படத்தில் கொசுவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மடிப்பின் ஓரத்தில் பாதிப் பூ இருந்தால், அடுத்த மடிப்பில் அதன் மீதிப் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜப் புடவையில் அப்படி வராது. அந்த ஓரத்தில் துணி உள்ளே திரும்பி, அரைச் சாண் போய், மறுபடி அரைச் சாண் திரும்பி வருகிறது. நடுவே மறைந்த துணியோடு பூவின் மீதியும் மறைந்துவிட்டது. அடுத்த மடிப்பில் தெரிவது வேறு ஏதோ ஒரு பூவின் காம்பாகவோ, வெறும் தரையாகவோ இருக்கும்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் உள்ள கடைகளுக்குப் புடவைப் படமும் லங்சீர் எனும் திரைச்சீலைப் படமும் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. தீபாவளிக்கு முன்னால் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் நிழலைத்தான் முதலில் சரிசெய்கிறார்கள். பிரிண்ட்டின் மேல் Multiply போட்டு மடிப்பின் கருமையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அது சுலபமான பாதி. கண் சந்தேகப்படுவது நிழலைப் பார்த்து இல்லை. பிரிண்ட் மடிப்பின் ஓரத்தில் அறுபட வேண்டும், பக்கவாட்டில் ஒடுங்க வேண்டும். இரண்டும் நடக்காதபோதுதான் ஸ்டிக்கர் என்று தெரிந்துவிடுகிறது. எங்கே எவ்வளவு துணி ஒளிந்திருக்கிறது என்று எண்ணத் தெரிந்தால், கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கைப் படத்தில் போடுவது மட்டும்தான்.

"பூ எவ்வளவு பெருசா வைக்கிறதுன்னு எப்படி முடிவு பண்றது? கண்ணுக்கு நல்லா இருக்கிற அளவுக்கு வைக்கலாமா?"

வைக்காதீர்கள். நான் வைத்து மாட்டியிருக்கிறேன். ஒரு லங்சீர் கடைக்குச் செம்பருத்திப் பிரிண்ட் போட்டபோது, சன்னல் அகலத்துக்கு டிசைனை இழுத்து வைத்துவிட்டேன். சன்னல் 150 சென்டிமீட்டர். ஆனால் மடிப்பு அழகாக விழுவதற்காகத் தைத்தவர்கள் போட்டிருந்த துணியோ இரண்டு மடங்கு, அதாவது 300 சென்டிமீட்டர். டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருவது. ஆக அந்தத் திரையில் கிட்டத்தட்ட ஐந்து முறை வந்திருக்க வேண்டும். என் படத்தில் இரண்டு முறைதான் வந்தது. பூ ஒவ்வொன்றும் தட்டு அளவு! வாங்கியவர்கள் மாட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல இருந்த டிசைன் இது இல்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது கடைக்காரர்.

அளவை இப்படி எடுங்கள். படத்தில் உங்களுக்கு நிஜ நீளம் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடியுங்கள். புடவை என்றால் இடுப்பிலிருந்து கரை வரை உள்ள உயரத்தை டேப்பில் அளந்து வைத்துக்கொள்ளலாம். அது 100 சென்டிமீட்டர், படத்தில் 1500 பிக்சல் என்றால், ஒரு சென்டிமீட்டருக்கு 15 பிக்சல். டிசைன் 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புகிறதா? அப்படியென்றால் உங்கள் டிசைன் கோப்பில் ஒரு திருப்பம் 300 பிக்சல் இருக்க வேண்டும். சப்ளையர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் இந்த அளவு தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புவார்கள்.

இன்னொன்று. டிசைனை வைப்பதற்கு முன்னால், 5 சென்டிமீட்டர் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எண் எழுதிய ஒரு கட்டத்தாளை வைத்து வேலையை முடியுங்கள். பூவில் தப்பு ஒளிந்துகொள்ளும், கட்டத்தில் ஒளியாது. மடிப்பு தாண்டியதும் எண் 3-லிருந்து 4-க்குப் போனால் தப்பு, 3-லிருந்து 8-க்குத் தாவினால் சரி.

"ஏற்கெனவே பிரிண்ட் இருக்கிற புடவையைத்தான் படம் எடுத்திருக்காங்க. பழைய பூவை எப்படிப் போக்குறது?"

முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள்: அதே துணியில் வெள்ளையோ வெளிர் சாம்பலோ பிரிண்ட் இல்லாமல் இருக்கிறதா? ஜார்ஜெட்டுக்கு ஜார்ஜெட்டே வேண்டும். காட்டன் மடிகிற மாதிரி ஜார்ஜெட் மடியாது. அப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் வேலையில் பாதி மிச்சம்.

கிடைக்காவிட்டால் Channels பலகையைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் தரையில் சிவப்புப் பூ என்றால், சிவப்புச் சேனலில் தரையும் வெளிச்சமாக இருக்கும், பூவும் வெளிச்சமாக இருக்கும். பூ கிட்டத்தட்ட காணாமல் போய், மடிப்பின் நிழல் மட்டும் மிஞ்சும். அதைப் பிரதி எடுத்துப் புது லேயராக ஒட்டுங்கள். அதுதான் உங்கள் நிழல் லேயர். மிச்சம் தெரிகிற பூவின் ஓரங்களை Clone Stamp-ஆல் மடிப்பின் திசையிலேயே தடவிவிடலாம். பிறகு Levels-இல் நல்ல வெளிச்சம் விழும் இடம் 245 பக்கம் வரும்படி ஏற்றுங்கள். 255 வரை போனால் அந்த இடத்தில் துணியின் உருவமே அழிந்துவிடும்.

வெள்ளையில் கறுப்புப் பிரிண்ட் என்றால் இந்த வித்தை பலிக்காது. கறுப்பு மூன்று சேனலிலும் கறுப்புதான். அந்த மாதிரிப் படத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

"கொசுவத்துல பிரிண்ட் அறுபடணும்னு சொல்றீங்க. எவ்வளவு தள்ளி வைக்கிறது? சும்மா குத்துமதிப்பா வச்சா போதுமா?"

குத்துமதிப்பாக வைத்தால் பத்துக்கு ஏழு தடவை தப்பிக்கலாம். கோடும் கட்டமும் உள்ள டிசைனில் மாட்டிக்கொள்வீர்கள். கணக்குச் சின்னதுதான், போட்டுவிடுங்கள்.

போன வருடம் செய்த ஒரு ஜார்ஜெட் புடவையைச் சொல்கிறேன். ஆறு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் சுமார் 12 சென்டிமீட்டர் அகலம். மேலே இருக்கும் மடிப்பு முழுதாகத் தெரிகிறது. மற்ற ஐந்தும் அதன் பக்கத்தில் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர் பட்டையாக எட்டிப் பார்க்கின்றன. ஒரு மடிப்பு என்பது போய்வரும் துணி, ஆகவே 12 இரண்டு முறை, 24 சென்டிமீட்டர். அதாவது ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வரும்போது, துணியின் நீளத்தில் 24 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறோம். டிசைன் 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புவதால், 24-இல் 20 போக மீதி 4. ஒவ்வொரு பட்டையிலும் டிசைனை 4 சென்டிமீட்டர், நம் அளவில் 60 பிக்சல், நகர்த்தினால் போதும். முதல் பட்டையில் டிசைனின் 0 முதல் 3 வரை தெரிந்தால், இரண்டாவதில் 4 முதல் 7, மூன்றாவதில் 8 முதல் 11 என்று போகும். கட்டுகிறவர் கை மிஷின் இல்லையே. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி வைப்பேன். எல்லாம் துல்லியமாக இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தும்.

நகர்த்துவது துணியின் நீளவாக்கில் மட்டும்தான். புடவை கட்டியிருக்கும்போது அது படத்தில் இடவலமாக வரும். மேல்கீழாக நகர்த்தக் கூடாது, ஏனென்றால் கரை எல்லா மடிப்பிலும் ஒரே உயரத்தில்தான் ஓட வேண்டும். பூ தாவலாம், கரை தாவக் கூடாது. இதை மறந்துவிட்டு மொத்தத்தையும் மூலைவாட்டில் நகர்த்தியவர்கள் படத்தில் கரை படிக்கட்டு மாதிரி ஏறும்.

செய்முறை என்று பார்த்தால், Pen Tool-ஆல் ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் வரைந்து, மடிப்புக்கு ஒரு மாஸ்க் போடுகிறேன். டிசைனை ஒரே ஒரு Smart Object ஆக்கி, அதையே ஆறு முறை பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் மாஸ்க்குக்குள் வைத்து நகர்த்திய பிறகு Edit > Transform > Warp-இல் வளைக்கிறேன். கொசுவம் கீழே போகப் போக விரியும். பட்டையும் மேலே ஒடுங்கிக் கீழே அகலும். பூவும் அந்தச் சாய்விலேயே சாய வேண்டும். எல்லாப் பிரதியும் ஒரே Smart Object என்பதால், அடுத்த டிசைன் வந்ததும் Replace Contents செய்தால் ஆறு மடிப்பும் ஒரே அடியில் மாறிவிடும். புது டிசைன் கோப்பு பழையதின் அதே பிக்சல் அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பூவின் அளவு மாறி, மறுபடி தட்டுக் கதைதான்.

கடைசி மடிப்பின் அடியில் துணி கொஞ்சம் விரிந்து உள்பக்கம் தெரியும். அங்கே பிரிண்ட் இடவலம் மாறி, வெளிறி இருக்க வேண்டும். இரண்டு விரல் அகலம்தான், ஆனால் புடவை கட்டுகிற பெண்கள் அங்கேதான் முதலில் பார்க்கிறார்கள். என் மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"யூடியூப்ல எல்லாம் Displace ஒண்ணு போட்டா போதும், துணி மேல தானா படிஞ்சிடும்னு சொல்றாங்களே?"

படியும், மெதுவாக அலையும் துணியில் மட்டும். தோளில் விழும் முந்தானை, காற்றில் லேசாக உப்பிய திரை, இதற்கெல்லாம் சரி. அறுக்க அதற்குத் தெரியாது.

அது செய்வது இவ்வளவுதான்: நீங்கள் கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, நடுச் சாம்பல் 128 இருக்கும் இடத்தில் பிரிண்ட்டை அப்படியே விடும். அதைவிட வெளிச்சமான இடத்தில் ஒரு பக்கமும், இருண்ட இடத்தில் எதிர்ப்பக்கமும் தள்ளும். அளவு 100 என்று கொடுத்தால் அதிகபட்சம் 128 பிக்சல், 10 என்று கொடுத்தால் சுமார் 13 பிக்சல். திசை தலைகீழாக வந்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் திரும்பிவிடும். அந்தப் படத்தை PSD ஆகச் சேமிக்க வேண்டும். அதற்கு முன்னால் Gaussian Blur 6 முதல் 10 பிக்சல் வரை கொடுத்து நெசவின் சொரசொரப்பை அழித்துவிடுங்கள். விட்டால் பூவின் ஓரம் எல்லாம் நடுங்கும்.

யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. 240 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு திரையில் படுக்கைக் கோடு போட்ட துணி தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் உள்ள கோடு, மடிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், படத்தில் நேராகத்தான் தெரியும். அதற்குக் கீழே உள்ள கோடுகள், துணி நம்மை நோக்கி வரும் இடத்தில் கீழே தொய்யும். மேலே உள்ள கோடுகள் அதே இடத்தில் மேலே எழும். உங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே நின்று பாருங்கள். Displace-க்கு இது தெரியாது. மேலிருந்து கீழ்வரை ஒரே பக்கமாகவே அலை போடும். திரையின் அடிப்பாதி நன்றாக இருந்து மேல்பாதி மட்டும் ஏதோ மாதிரி இருக்கிறதென்றால் காரணம் இதுதான்.

அதற்கு நான் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையே மாற்றுகிறேன். கேமரா உயரத்துக்கு மேலே உள்ள பாதியை Invert செய்து, நடுவே இரண்டும் சேரும் இடத்தை 128 சாம்பலுக்குள் மெதுவாகக் கரைத்துவிடுகிறேன். Displace-இல் Horizontal 0, Vertical 10 அல்லது 12. மேலே எழும், நடுவில் நேராகும், கீழே தொய்யும். இடவலமாக ஒடுங்குவதை Displace-இடம் விடாமல் Warp-இலேயே செய்கிறேன்: மடிப்பின் முன்முகத்தில் பூ முழு அகலம், பக்கவாட்டில் சரியும் இடத்தில் பாதியோ அதற்கும் குறைவோ. துணி நமக்கு 60 டிகிரி சாய்ந்திருந்தால் பூ சரியாகப் பாதி அகலம்தான் தெரியும்.

"டே கர்ட்டன்ல பின்னாடி கிரில் எல்லாம் தெரியுது. அதுல பிரிண்ட்டை Multiply-ல போட்டா சர்ச் கண்ணாடி மாதிரி கலர் அடிக்குது. Opacity குறைச்சா அழுக்கு மாதிரி இருக்கு. எப்படித்தான் போடுறது?"

இதுதான் எனக்கு அதிக நாள் பிடித்த இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டே கர்ட்டன் என்பது பகலில் சன்னலில் இழுத்துவிடும் மெல்லிய திரை. அந்தத் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூல், ஓட்டை, நூல், ஓட்டை. சாயம் இருப்பது நூலின் மேல். ஓட்டையில் சாயம் இல்லை. வெளியே உள்ள வானமும் கிரிலும் ஓட்டை வழியாக வருகின்றன, ஆகவே அவற்றின் மேல் பிரிண்ட்டின் நிறம் ஏறாது. Multiply இது தெரியாமல் ஓட்டை வழியே வரும் வெளிச்சத்துக்கும் சேர்த்துச் சாயம் பூசிவிடுகிறது. சர்ச் கண்ணாடிக்கு அதுதான் காரணம். கண்ணாடியில் ஓட்டை இல்லை, எல்லா வெளிச்சமும் நிறத்தின் வழியாகத்தான் வர வேண்டும். Opacity-யைக் குறைத்தாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைகிறதே தவிர, ஓட்டை வேறு நூல் வேறு என்று பிரிவதில்லை.

ஆகவே படத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஓட்டை வழியே வந்தது ஒன்று, நூல் கொடுத்தது இன்னொன்று. அதற்கு நம்ம ஊர் சன்னல் கிரில் பெரிய உபகாரம். கேமராவை முக்காலியில் வைத்து, எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, திரையை மூடி ஒரு படம், திறந்து ஒரு படம், மேகம் மாறுவதற்குள் எடுங்கள். பிறகு ஐட்ராப்பரால் நான்கு எண்களைப் படியுங்கள். செராஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் எடுத்த படத்தில் எனக்குக் கிடைத்தது: திறந்திருக்கும்போது வானம் 240, கறுப்புக் கிரில் 40. மூடியபோது திரை வழியாக வானம் 215, கிரில் 115.

```
T = (215 - 115) / (240 - 40) = 0.5
F = 215 - 0.5 * 240 = 95
F = 115 - 0.5 * 40  = 95
```

T என்பது ஓட்டை விடும் பங்கு, பாதி. F என்பது நூல் தன் பங்குக்குக் கொடுத்த வெளிச்சம், 95. வானத்திலும் கிரிலிலும் ஒரே 95 வந்தால் அளவு சரி என்று அர்த்தம். வேறு வேறாக வந்தால் நடுவில் வெயில் மாறியிருக்கும், அல்லது அந்த இடத்தில் துணி இரண்டு அடுக்காக இருக்கும்.

இப்போது பிரிண்ட் நூலின் வெளிச்சத்தை 40 சதவீதமாகக் குறைக்கிறது என்று வைப்போம். 95 என்பது 38 ஆகும். வானத்துக்கு முன்னால் 120 + 38, அதாவது 158. கிரிலுக்கு முன்னால் 20 + 38, அதாவது 58. பிரிண்ட் இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், வானத்துக்கு முன்னால் 215-இலிருந்து 158 வரைதான் இறங்குகிறது. கிரிலுக்கு முன்னால் 115-இலிருந்து 58, சரிபாதி. ஒரே இலை வானத்துக்கு முன்னால் வெளிறியும், கிரிலுக்கு முன்னால் அழுத்தமாகவும் தெரிய வேண்டும் என்று அர்த்தம். Multiply போட்டிருந்தால் வானத்துக்கு முன்னால் 86 வந்திருக்கும். 158 எங்கே, 86 எங்கே!

லேயராகக் கட்டுவது இப்படி. அடியில் திரை திறந்த படம், Levels-இல் Output வெள்ளையை 128-க்கு இறக்கிப் பாதியாக்கியது. அதன் மேல் நூல் லேயர், Linear Dodge (Add) முறையில். பிரிண்ட்டை அந்த நூல் லேயரோடு Clipping Mask ஆக இணைத்து, Multiply. பிரிண்ட் இப்போது நூலை மட்டும்தான் தொடும். நூல் லேயர் எங்கிருந்து வரும் என்றால், மூடிய படத்தின் மேல் பாதியாக்கிய திறந்த படத்தை Subtract முறையில் வைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டியதுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாதியாக்காமல் அப்படியே வைத்து Opacity 50 என்று கொடுக்கத் தோன்றும். வானத்தில் 215-இலிருந்து 240 போனால் சுழிக்குக் கீழே போய் அறுந்துவிடும். 95 வர வேண்டிய இடத்தில் 107 வரும். முதலில் பாதியாக்குங்கள், பிறகு முழு Opacity-யில் கழியுங்கள்.

இதெல்லாம் பகல் கணக்கு. இரவில் உள்ளே விளக்கு எரிய எடுத்த படம் என்றால் வெளியே இருட்டு, ஓட்டை வழியே வருவது ஒன்றுமில்லை, கிரிலும் தெரியாது. அப்போது சாதாரண துணி மாதிரி Multiply போட்டாலே சரியாக வரும். அதே கர்ட்டன் பகலில் வெளிறியும் இரவில் பளிச்சென்றும் இருப்பதன் காரணமும் இதுதான்.

"டே கர்ட்டன் மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடம் மட்டும் சரியா வரலை."

அங்கே வெளிச்சம் இரண்டு துணியைக் கடக்கிறது. ஓர் அடுக்கு பாதி விட்டால் இரண்டு அடுக்கு கால்வாசி, மூன்று அடுக்கு எட்டில் ஒரு பங்கு. ஆகவே அடியில் உள்ள திறந்த படத்தை அந்த இடத்தில் மாஸ்க் போட்டு இன்னும் இருட்டாக்குங்கள். படத்தில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு இல்லை என்பதால் கால்வாசி என்பது துல்லியமாக வராது. அந்த இடத்திலேயே கிரில் குறுக்கே போனால் மேலே உள்ள நாலு எண் கணக்கை அங்கேயும் போட்டுப் பார்த்துவிடலாம். மடிப்பின் பக்கவாட்டில் ஓர் அடுக்குதான் என்றாலும், துணி சாய்ந்து ஓட்டைகள் ஒடுங்குவதால் அங்கேயும் கிரில் மங்கும். அந்த ஓரங்களை மென்மையான தூரிகையால் தடவினால் போதும்.

பலர் விடுவது பின் அடுக்கின் பிரிண்ட். முன் துணியின் ஓட்டை வழியாக அதுவும் தெரியும். பிரிண்ட்டின் இன்னொரு பிரதியை எடுத்து, மறைந்த துணி எவ்வளவோ அவ்வளவு நகர்த்தி, ஒன்றிரண்டு பிக்சல் மங்கலாக்கி, பாதி அழுத்தத்தில் அந்த மாஸ்க்குக்குள் வையுங்கள். ஒரு இலைக்குப் பின்னால் இன்னொரு இலையின் சாயல் தெரிந்ததும் படம் திடீரென்று துணியாகிவிடும்.

"ஷிஃபான் முந்தானைக்கும் இதே கணக்குதானா?"

கணக்கு அதே, அடுக்கு வேறு. முந்தானையை மடித்துத் தோளில் பின் குத்தியிருந்தால் நாலைந்து அடுக்கு ஆகிவிடும். அடுக்குக்குப் பாதி என்று பார்த்தாலும் நாலாவதில் ஆறு சதவீதம்தான் மிஞ்சும். அங்கே ரவிக்கை தெரியவே கூடாது, பிரிண்ட் முழு அழுத்தத்தில் இருக்கட்டும். தோளைத் தாண்டி விரிந்து தொங்கும் இடத்தில்தான் பின்னால் உள்ளது தெரிய வேண்டும். மொத்த முந்தானைக்கும் ஒரே Opacity கொடுத்தால், பின் குத்திய இடத்திலும் ரவிக்கைத் தையல் தெரிகிற மாதிரி ஆகிவிடும். பார்ப்பவருக்கு அது கூச்சத்தையும் தரும். ஒற்றை அடுக்காக மார்பின் குறுக்கே போகும் இடத்தில், அடர்ந்த நிற ரவிக்கையின் மேல் பிரிண்ட் அழுத்தமாகவும், கையின் மேல் கொஞ்சம் வெளிறியும் வரும். கிரிலுக்கும் வானத்துக்கும் பார்த்த அதே வித்தியாசம்தான்.

"பட்டுப் புடவைக்கும் இப்படியே டிசைன் மாத்தித் தர முடியுமா?"

முடியாது என்றே சொல்லிவிடுவேன். சரிகை பிரிண்ட் இல்லை. மடிப்புக்கு மடிப்பு அது ஒளியைத் திருப்பும் விதம் மாறுகிறது, ஒரு இடத்தில் தங்கமாகவும் பக்கத்திலேயே பழுப்பாகவும். சாதாரணத் துணியின் நிழல் லேயரில் அந்தத் தகவலே இல்லை. பட்டைக் கட்டி எடுத்தால்தான் பட்டு.

"ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஃபோட்டோஷாப் இல்லாதவங்க என்ன பண்றது?"

மாஸ்க், கட்டத்தாள், நிழல் லேயர் எல்லாம் சேர்த்து முதல் டிசைனுக்கு எனக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகிறது. அடுத்த ஏழும் ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் கரையைச் சரிபார்க்கத்தான் போகும். அதனால் கடைக்காரரிடம் முதல் டிசைனுக்குத் தனி விலை, மற்றவைக்குத் தனி விலை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரே ஒரு டிசைன்தான் மாற்ற வேண்டும் என்றால், புடவையை இன்னொரு முறை கட்டிப் படம் எடுப்பது மலிவு என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

இலவசமாக வேண்டுமென்றால் GIMP இருக்கிறது. Displace அங்கே Filters > Map-க்குள் கிடைக்கும், கூட்டல் கழித்தல் லேயர் முறைகளும் உண்டு. Smart Object-ஆல் ஆறு மடிப்பிலும் டிசைனை ஒரே அடியில் மாற்றும் வசதிக்காகத்தான் நான் ஃபோட்டோஷாப்பை விடாமல் இருக்கிறேன்.